தோள் வலிக்காமல் தள்ளுவதும் இழுப்பதும்

கேள்வி: ஜிம்மில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், தொப்பை குறைய வேண்டும். பெஞ்ச் பிரஸ் செய்தாலே தோளின் முன்பக்கம் வலிக்கிறது, கையை முழுதாக மேலே தூக்கவும் முடியவில்லை. மார்புக்கும் முதுகுக்கும் எதைச் செய்யலாம்?

பெஞ்சை விட்டுவிட்டுத் தரையில் படுங்கள். நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் ஆள் என்று நினைக்கிறேன், நானும் அப்படித்தான். பெஞ்சில் கம்பியை மார்புவரை இறக்கும்போது முழங்கை உடம்புக்குப் பின்னால் போகிறது, முன்தோளுக்கு அதிகச் சுமை விழும் இடம் பெரும்பாலும் அதுதான். தரையில் படுத்தால் முழங்கை அவ்வளவு தூரம் இறங்க வழியே இல்லை. இரண்டு டம்பெல், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கட்டும், முழங்கை உடம்பிலிருந்து சுமார் 45 டிகிரி. மெதுவாக இறக்கி, மேல்கை தரையைத் தொட்டதும் ஒரு நொடி நிறுத்தித் தள்ளுங்கள்.

நான் கைக்கு 7.5 கிலோவில் ஆரம்பித்தேன். 8 முறையில் தொடங்கி, மூன்று செட்டிலும் 12 முறை வந்த பிறகுதான் 10 கிலோ. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் அதே எடையில் தொடரலாம். அடங்கவில்லையா, எடையைக் குறையுங்கள். பெஞ்ச் பிரஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதில் நூறு கிலோ தூக்குபவர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

தலைக்கு மேலே தள்ளும் முன் சுவரில் முதுகைச் சாய்த்துக் கைகளை உயர்த்திப் பாருங்கள். இடுப்பு வளையாமல் கட்டைவிரல் சுவரைத் தொடவில்லை என்றால் இப்போதைக்கு ஷோல்டர் பிரஸ் வேண்டாம். நீளக் கம்பியின் ஒரு முனையை மூலையில் துணி சுற்றி ஊன்றி, மறுமுனையை ஒரு கையால் சாய்வாக மேலே தள்ளுங்கள். லேண்ட்மைன் பிரஸ் என்பார்கள். கை செங்குத்தாகப் போக வேண்டியதில்லை என்பதால் விறைத்த தோளும் ஒத்துழைக்கும்.

இழுப்பதற்கு, சாய்வு பெஞ்சில் மார்பை வைத்துக் குப்புறச் சாய்ந்து டம்பெலை விலாவை நோக்கி இழுங்கள், அதுதான் டம்பெல் ரோ. தள்ளும் செட்டைவிட ஒன்று கூடவே செய்யுங்கள். மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் புல்டவுன் என்றால் கம்பி முகத்துக்கு முன்னால் வர வேண்டும். எங்கள் ஜிம் டிரெயினர் எல்லோரையும் கழுத்துக்குப் பின்னால் இழுக்க வைப்பார். மாட்டேன் என்றதும் ‘பயமா சார்?’ என்று கேட்டார். அதே ஆள்தான் கொழுப்பு கரைக்கும் மாத்திரை டப்பாவையும் என் தலையில் கட்டப் பார்த்தார், கமிஷன் எவ்வளவோ!

கொழுப்பு குறைவது சாப்பாட்டைக் குறைப்பதால்தான். அதற்காகச் சின்ன எடையை வேகவேகமாக ஐம்பது முறை ஆட்டாதீர்கள். குறைவாகச் சாப்பிடும்போது உடம்பு தேறுவதும் தாமதமாகும், அப்போது எடையை விடாமல் செட்டில் ஒன்றைக் குறைத்தால் போதும்.

அப்புறம், சுகர் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வேறொருவர் வெளிப்பக்கம் திருப்பினாலும் நகரவில்லை என்றால் அது உறைந்த தோளாக இருக்கலாம், சர்க்கரை நோயாளிகளுக்கு அது அதிகம் வரும். அப்படி இருந்தாலோ, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தாலோ முதலில் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.