ஆரத்தை மீட்டராக மாற்றிய பிறகே வர்க்கப்படுத்துங்கள்

கேள்வி: சூத்திரத்தைச் சரியாகத்தான் எழுதுகிறேன். ஆனால் அலகை மாற்றாமல் பிரதியிட்டதாகச் சொல்லி இயற்பியலில் மதிப்பெண் குறைக்கிறார்கள். அலகை மாற்றிய கணக்குகளில்கூடச் சில நேரம் விடை தவறிவிடுகிறது. எங்கே பிழை நேர்கிறது?

பதில்: அலகை மாற்றியும் விடை தவறுகிறது என்றால், பெரும்பாலும் பரப்பு வரும் இடத்தில்தான் பிழை இருக்கும். ஒரு கணக்கைப் பார்ப்போம். நிக்ரோம் கம்பியின் நீளம் 50 செ.மீ., விட்டம் 0.4 மி.மீ., மின்தடை எண் 1.1 × 10⁻⁶ ஓம் மீட்டர். மின்தடை என்ன? சூத்திரம் R = ρL/A.

பலர் ஆரம் 0.2 மி.மீ. என்று எடுத்து, பரப்பை 0.1257 சதுர மி.மீ. என்று சரியாகவே கண்டுபிடிக்கிறார்கள். பிறகு, மில்லிமீட்டரை மீட்டராக்க 10⁻³ஆல் பெருக்குவது பழகிப்போனதால், பரப்பையும் 10⁻³ஆல் பெருக்கிவிடுகிறார்கள். விடை 0.0044 ஓம் என்று வருகிறது. பரப்பில் நீளம் இரண்டு முறை பெருக்கப்படுவதால், அங்கே பெருக்க வேண்டியது 10⁻⁶. கன அளவாக இருந்தால் 10⁻⁹.

இதை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். ஆரத்தையே முதலில் 2 × 10⁻⁴ மீட்டர் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதை வர்க்கப்படுத்தும்போது அடுக்கும் தானாகவே 10⁻⁸ ஆகிவிடும். பரப்பு 1.257 × 10⁻⁷ சதுர மீட்டர், நீளம் 0.5 மீட்டர், விடை சுமார் 4.4 ஓம். முன்பு வந்தது இதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

பிரதியிடும் வரியில் எண்ணை மட்டும் எழுதாமல், பக்கத்தில் அலகையும் எழுதுங்கள். ஓம் மீட்டரை மீட்டரால் பெருக்கிச் சதுர மீட்டரால் வகுத்தால் ஓம் மட்டும் எஞ்சும். செ.மீ.யோ மி.மீ.யோ அடிபடாமல் நின்றால், மாற்றம் விடுபட்டிருக்கிறது என்று பொருள். ஆனால் 10⁻³ போட்டுவிட்டு ‘சதுர மீட்டர்’ என்று எழுதிய பிழையை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு விடையின் அளவைத்தான் பார்க்க வேண்டும். இதே நீளமும் தடிமனும் கொண்ட செம்புக் கம்பிக்கே சுமார் 0.07 ஓம் வரும். மின்னோட்டத்தைச் செம்பைவிட அதிகம் எதிர்க்கும் நிக்ரோமுக்கு 0.0044 ஓம் எப்படி வரும்?

எல்லாக் கணக்கிலும் மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. P₁V₁ = P₂V₂ போன்றவற்றில் இருபுறமும் ஒரே அலகு இருந்தால் லிட்டரிலேயே வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. கெல்வினுக்கு மாறும்போது நாம் 273ஐக் கூட்டுகிறோம். அது விகிதத்தில் அடிபடாது. மாறா அழுத்தத்தில் ஒரு வாயு 27 டிகிரி செல்சியஸிலிருந்து 54 டிகிரிக்குச் சூடேறினால், அதன் கன அளவு இரட்டிப்பாகாது. 300 கெல்வின் 327 கெல்வின் ஆகிறது. கன அளவு 1.09 மடங்குதான் ஆகும்.