பெட்டி ஒன்று, பணம் மட்டும் ஏன் இரண்டு தடவை போச்சு?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாம்பழத்தை பெட்டி போட்டு ஆன்லைனில் விற்கிறோம். முதல் பேமென்ட் கேட்வே சொதப்பினால் இரண்டாவது கேட்வே தானாக எடுத்துக்கொள்ளும் என்று ஒரு ஏற்பாட்டை இந்த சீசனில்தான் போட்டோம். ஒரு பெட்டிக்கு ஒரு வாடிக்கையாளரிடம் 1,450 ரூபாய் இரண்டு தடவை போய்விட்டது. உதவி மையத்தில் கேட்டால் "தானா திரும்பிடும்" என்கிறார்கள், ஒன்பது நாள் ஆச்சு, இன்னும் வரவில்லை. இந்த வசதியையே எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம், ஒரு இடத்தில் மாற்றினால் போதும். அதைச் சொல்வதற்கு முன்னால் இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இரண்டு கேட்வேயின் டேஷ்போர்டையும் தனித்தனியாகத் திறந்து அந்த ஆர்டரைத் தேடுங்கள். இரண்டிலும் `captured` அல்லது `success` என்று காட்டினால் அந்தப் பணம் நடுவில் எங்கேயும் தொங்கவில்லை, உங்கள் வங்கிக் கணக்குக்கே வந்திருக்கும். தானாகத் திரும்பவே திரும்பாது. நீங்கள் ரீஃபண்ட் கொடுத்தால்தான் போகும்.

"தானா திரும்பிடும்" என்பது வேறொரு நிலைமைக்கான பதில். வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் கழிந்துவிட்டது, ஆனால் கடைக்காரர் பக்கம் உறுதி வரவே இல்லை என்றால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி அடுத்த 5 நாளுக்குள் தானாகத் திருப்பிவிட வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் உறுதியாகிவிட்ட பணத்துக்கு அந்த விதி பொருந்தாது. உதவி மையத்தில் யாரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை. வாடிக்கையாளர் வங்கியைக் கேட்டால் கடையைக் கேளுங்கள் என்பார்கள், கடைக்காரர் கேட்வேயைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்பார்கள், நடுவில் எல்லோரும் "5 முதல் 7 வேலை நாள்" என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். வங்கிக்குப் போய் சண்டை போட்டாலும் "நீங்கள்தானே இரண்டு தடவை ஓடிபி போட்டீர்கள்" என்று கேட்பார்கள். அதுவும் உண்மைதான், அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, ஏன் இப்படி ஆச்சு?

உங்கள் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். மண்டிக்காரருக்கு போன் போட்டு "ஒரு டன் பெங்களூரா மாம்பழம் அனுப்பு" என்று சொல்கிறீர்கள். அவர் "இல்லை" என்றால் அடுத்த மண்டிக்குப் போடலாம். மணி அடித்து யாருமே எடுக்கவில்லை என்றாலும் அடுத்தவருக்குப் போடலாம், ஏனென்றால் ஆர்டர் போய்ச் சேரவே இல்லை. ஆனால் அவர் எடுத்து, நீங்கள் சொல்லி முடித்து, அவர் பதில் சொல்வதற்குள் லைன் கட்டானால்? அவர் லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாரா, காதிலேயே விழவில்லையா, உங்களுக்குத் தெரியாது. அப்போது பட்டென்று இரண்டாவது மண்டிக்குச் சொன்னீர்கள் என்றால் சாயங்காலம் வாசலில் இரண்டு லாரி நிற்கும்.

உங்களுக்கு வந்திருப்பது இரண்டு லாரி. உங்கள் சாஃப்ட்வேர் இந்த மூன்று நிலைமையையும் ஒரே பையில் போட்டு "ஃபெயில்" என்று எழுதியிருக்கிறது. மறுப்பு என்பது ஒரு பதில், டைம் அவுட் என்பது பதிலே வராத நிலை. இந்த இரண்டையும் பிரிக்காத எந்த ஏற்பாடும் ஒருநாள் இதைத்தான் செய்யும்.

எப்படி நடந்திருக்கும் என்று ஓட்டிப் பார்ப்போம். வாடிக்கையாளர் காலை 10:02-க்கு கார்டு விவரம் கொடுத்து, முதல் கேட்வே காட்டிய பக்கத்தில் ஓடிபி போடுகிறார். கேட்வே வங்கியிடம் அனுமதி கேட்கிறது. உங்கள் சாஃப்ட்வேரில் 30 நொடி காத்திருக்கும்படி வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி 41-ஆவது நொடியில் சரி என்கிறது. ஆனால் 30-ஆவது நொடியிலேயே உங்கள் பக்கம் "பணம் போகவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்" என்று காட்டி இரண்டாவது கேட்வேயின் பக்கத்தைத் திறந்துவிட்டது. பாவம் அந்த மனுஷன், நம்மை நம்பி இரண்டாவது ஓடிபியும் போட்டார். அதுவும் ஓகே ஆகிவிட்டது. ஒரு பெட்டி, இரண்டு 1,450.

இங்கே கவனியுங்கள், நம் நாட்டில் இது முழுக்கத் தானாக நடப்பது இல்லை. ஆன்லைனில் கார்டு என்றால் பெரும்பாலும் ஒவ்வொரு முயற்சிக்கும் தனி ஓடிபி வேண்டும், யுபிஐ என்றால் பெரும்பாலும் தனி பின் வேண்டும். முதல் கேட்வேக்குப் போட்ட ஓடிபியை இரண்டாவது கேட்வேக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. ஆக ஓடிபி பக்கம் வருவதற்கு முன்னால் முதல் கேட்வே படுத்துவிட்டால் மட்டும்தான் வாடிக்கையாளருக்குத் தெரியாமல் சத்தமில்லாமல் மாற்ற முடியும். அந்த ஒரு வேலையை உங்கள் ஏற்பாடு நன்றாகவே செய்யும். எடுக்க வேண்டாம் என்று சொன்னது அதற்காகத்தான்.

மறுப்பு வந்தால் இரண்டாவதற்குப் போகலாமா என்றால், காரணத்தைப் பார்த்துப் போகவேண்டும். வங்கிகள் மறுக்கும்போது ஒரு எண் அனுப்பும். 51 என்றால் கணக்கில் பணம் இல்லை, 54 என்றால் கார்டு காலாவதி, 41-உம் 43-உம் தொலைந்த, திருடுபோன கார்டு. இதற்கெல்லாம் பத்து கேட்வே மாற்றினாலும் கடைசியில் கதவைத் தட்டுவது அதே வங்கியில்தான், பதிலும் அதேதான். 91 என்றால் அந்த வங்கியின் சிஸ்டமே பதில் சொல்லவில்லை. அப்போதும் கேட்வேயை மாற்றி என்ன பயன், "வேறு வங்கி கார்டு அல்லது யுபிஐ போட்டுப் பாருங்கள்" என்று காட்டுவதுதான் உருப்படியான வழி. 05 என்று ஒன்று வரும், காரணம் சொல்லாமல் மறுப்பது, அதற்கு ஒரே ஒரு தடவை மற்ற கேட்வேயில் முயன்று பார்க்கலாம். உங்கள் டெவலப்பரிடம் இந்த எண்கள் பதிவாகிறதா என்று கேளுங்கள். "ஃபெயில்" என்று மட்டும் பதிவாகிறது என்றால் அவர் எதை வைத்துப் பாதை மாற்றுகிறார்?

இப்போது மாற்றவேண்டிய அந்த ஒரு இடம். டைம் அவுட் ஆனால் உடனே இரண்டாவது கேட்வேக்குப் போகாமல், முதல் கேட்வேயிடமே "அந்த முயற்சி என்ன ஆச்சு?" என்று கேட்கவேண்டும். அதற்கென்றே எல்லா கேட்வேயிலும் நிலை விசாரிக்கும் வழி இருக்கிறது. முடிவாகத் தோல்வி என்று பதில் வந்தால் அடுத்ததுக்குப் போங்கள். `pending` என்று வந்தால் போகாதீர்கள், கொஞ்ச இடைவெளி விட்டு மறுபடி கேளுங்கள். அதுவரை திரையில் "ஃபெயில்" என்று காட்டாமல் "வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம், மறுபடி பணம் கட்ட வேண்டாம்" என்று தமிழிலேயே போடுங்கள். பல சமயம் இரட்டைப் பணம் சாஃப்ட்வேரால் வருவதில்லை, அந்த "மீண்டும் முயற்சிக்கவும்" பட்டனால்தான் வருகிறது.

இதில் ஒரு விஷயத்தில் ரொம்பப் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் இழுத்தே சொல்கிறேன். கேட்டதற்கு "அப்படி ஒரு பரிவர்த்தனையே இல்லை" என்று பதில் வரும். ஆகா, போய்ச் சேரவில்லை என்று சந்தோஷப்பட்டு இரண்டாவதற்குத் தாவாதீர்கள். டைம் அவுட் ஆன இரண்டாவது நொடியில் கேட்டால், உங்கள் கோரிக்கை அவர்கள் வரிசையில் இன்னும் பதிவாகாமலே இருக்கலாம். ஒரு நிமிடம் விட்டு மறுபடி கேட்டால் அதே முயற்சி "வெற்றி" என்று வந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். யுபிஐயில் இது இன்னும் மோசம். முதல் கேட்வே கொடுத்த கியூஆர் வாடிக்கையாளரின் போனில் இன்னும் உயிரோடு இருக்கும், அதை மூடாமலோ காலாவதி ஆகவிடாமலோ இரண்டாவது கியூஆரைக் காட்டினால் அவர் இரண்டையும் கட்ட வழி இருக்கிறது. யுபிஐ பின் போட்டபிறகு எதையும் நிறுத்தவும் முடியாது. இரண்டு மூன்று தடவை கேட்டும் தெளிவான பதில் இல்லை என்றால் அப்புறம் அது வியாபார முடிவு. பெட்டியை அரைமணி நேரம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கலாம், அல்லது இரட்டைப் பணம் வந்தால் திருப்பிக்கொள்ளலாம் என்று துணிந்து மாற்றலாம். மாம்பழத்துக்கு நான் காத்திருக்கத்தான் சொல்வேன். கார்டில் ரீஃபண்ட் கொடுத்தால் முதலில் பிடித்த கட்டணத்தைப் பல கேட்வேக்கள் உங்களுக்குத் திருப்பித் தருவதில்லை.

அப்படியும் தாமதமாக ஒரு வெற்றி வந்து சேரும். அதற்கு ஒவ்வொரு முயற்சிக்கும் தனி எண் இருக்கவேண்டும்: ஆர்டர் `M1187` என்றால் முதல் முயற்சி `M1187-1`, இரண்டாவது `M1187-2`. இரண்டும் வெற்றி என்றால் பின்னால் வந்ததைச் சாஃப்ட்வேரே அன்றைக்கே ரீஃபண்ட் போடவேண்டும். "நாங்கள் `Idempotency-Key` போட்டிருக்கிறோம், இரட்டையே வராது" என்று டெவலப்பர் சொன்னால் நம்பாதீர்கள். அது ஒரே கேட்வேக்கு அதே கோரிக்கை இரண்டு தடவை போனால்தான் தடுக்கும். முதல் கேட்வேயில் நடந்தது இரண்டாவது கேட்வேக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக, இதை உங்களுக்கு விற்றவரைப் பற்றி. சீசன் ஆரம்பித்தால் ஓசூர், தருமபுரி பக்கமெல்லாம் "99 சதவீதம் வெற்றி" என்று சொல்லிக்கொண்டு ஆள் வருகிறார்கள். எதை எண்ணி 99 என்று கேளுங்கள். முதல் கேட்வேயில் தோற்று இரண்டாவதில் ஜெயித்ததை ஒரு வெற்றி என்று மட்டும் எண்ணலாம், உங்களுக்கு ஆன இரட்டைப் பணத்தைக்கூட இரண்டு வெற்றி என்று எண்ணிவிடலாம். இன்னும் சிலர் எந்தக் கேட்வே கமிஷன் கூடக் கொடுக்கிறதோ அதை முதலில் வைப்பார்கள், உங்கள் வாடிக்கையாளர்களுக்கு அது ஒத்துவருகிறதா என்று பார்ப்பதில்லை. எனக்குத் தெரிந்த பாலக்கோட்டு வியாபாரி ஒருவருக்குப் பணம் கேட்வேயிலிருந்து இந்த ஏற்பாட்டை விற்ற ஆளின் கணக்குக்குப் போய், அங்கிருந்து வாரம் ஒருமுறை இவருக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு வாரம் வரவில்லை, ஆளும் போனை எடுக்கவில்லை. பாதை மாற்றிவிடும் ஆளுக்குப் பணத்தைத் தொடும் வேலையே கிடையாது. பணம், வியாபாரிக்காக வாங்கி அனுப்பும் வேலைக்கு ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமென்ட் அக்ரிகேட்டரிடமிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வரவேண்டும். அந்தப் பட்டியல் ரிசர்வ் வங்கி இணையதளத்திலேயே இருக்கிறது. இரண்டு டேஷ்போர்டுக்கும் லாகின் உங்கள் பெயரில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றுக்கு அவர்தான் லாகின் வைத்திருக்கிறார் என்றால் மேலே சொன்ன ரீஃபண்டைக்கூட நீங்களே போட முடியாது.

அந்த வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் போட்டதும் டேஷ்போர்டில் ஒரு குறிப்பு எண் வரும், ஏஆர்என் அல்லது ஆர்ஆர்என் என்று இருக்கும். அதை அவருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். அவர் வங்கியில் அந்த எண்ணைச் சொல்லித்தான் தேடச் சொல்ல முடியும், உங்கள் ஆர்டர் எண் அங்கே யாருக்கும் புரியாது.