sin(x²)-இன் வகைக்கெழுவும் ஏமாற்றிய சோதனைப் புள்ளியும்

"sin(x²)-இன் வகைக்கெழு cos(x²) என்று கண்டேன். x = 0.5-இல் எண்களை வைத்துச் சோதித்தாலும் 0.9689 என்று பொருந்துகிறது. பிறகு எப்படித் தவறாகும்?"

நீங்கள் தேர்ந்தெடுத்த புள்ளிதான் பிழையை மறைத்திருக்கிறது. சங்கிலி விதிப்படி, வெளிச்சார்பான சைனின் வகைக்கெழுவை x²-இல் மதிப்பிட்டு, அதை உட்சார்பான x²-இன் வகைக்கெழுவாகிய 2x-ஆல் பெருக்க வேண்டும். ஆகவே சரியான விடை 2x·cos(x²). x = 0.5 எனும்போது 2x = 1 ஆகிவிடுவதால், நீங்கள் விட்டுவிட்ட காரணி அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

x = 1-இல் சோதித்துப் பாருங்கள். கணிப்பான் ரேடியனில் இருக்கட்டும். பலர் சறுக்குவது இங்கேதான். இருபுறமும் சம தொலைவில் மதிப்பெடுக்கும் வாய்பாடு இது:

```
(f(1+h) - f(1-h)) / (2h)
```

h = 0.01 எனில் 1.08036 கிடைக்கும்; h = 0.001 எனில் 1.080602. சங்கிலி விதி தரும் 2cos(1) என்பது 1.080605, உங்கள் cos(1) வெறும் 0.5403. h பத்தில் ஒரு பங்காகக் குறைந்தபோது வித்தியாசம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகச் சுருங்கியிருப்பதைக் கவனியுங்கள்; வகைக்கெழு தவறாக இருந்தால், h-ஐ எவ்வளவு குறைத்தாலும் வித்தியாசம் சுருங்காமல் ஓரிடத்திலேயே நின்றுவிடும். ஆனால் h-ஐ 10⁻¹³ வரை கொண்டுபோகாதீர்கள். ஏறக்குறைய சமமான இரு எண்களைக் கழிக்கும்போது, கணினியின் முழுமையாக்கல் பிழையே விடையைக் கெடுத்துவிடும்.