குக்கீயை அழித்தும் போன் வந்தது, வழக்குப் போடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் ஃப்ளெக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். மெஷின் வாங்க ஒரு லோன் சைட்டில் போன மாதம் நம்பர் கொடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி கடை கம்ப்யூட்டரில் குக்கீ எல்லாம் அழித்து, இன்காக்னிட்டோவில், லாகின் செய்யாமல் வட்டி மட்டும் பார்த்தேன். மறுநாள் காலையில் "நேற்று பார்த்தீங்களே சார்" என்று போன். எடுத்தது என் மனைவி. மாமனார் வரை போய் மானம் போயிற்று. 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட வேண்டும்.

பதில்: மாமனார் விஷயத்தை வீட்டிலேயே பேசி முடியுங்கள், அதற்குச் சட்டத்தில் இடமில்லை. இதில் முக்கியமானது ஒன்றுதான்: போன மாதம் நம்பர் கொடுத்தபோது அதன் கீழே டிக் செய்தீர்களே, அதில் என்ன எழுதியிருந்தது? குக்கீ இல்லாமலேயே உங்கள் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொடுக்கும் பிரவுசர் அடையாளத்தை உங்கள் பெயரோடு முடிச்சுப் போட்டது அந்த நம்பர்தான், அதற்குச் சம்மதம் கொடுத்தது அந்த டிக்.

டிக் செல்லாது என்றே வைத்துக்கொண்டாலும் பணம் வராது. 2023 தனிநபர் தரவுச் சட்டத்தில் அபராதம் அரசுக்குப் போகும், உங்களுக்கு இல்லை. அதிலும் சம்மதம், உரிமை பற்றிய பிரிவுகள் 2027 மேயில்தான் நடைமுறைக்கு வருகின்றன. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43ஏ என்று யாராவது சொல்வார்கள். அது பாஸ்வேர்டு, வங்கி விவரம், உடல்நிலை போன்றவற்றைக் காப்பதில் அலட்சியமாக இருந்தால்தான். உங்கள் ஃபான்ட் பட்டியல் அதில் வராது.

ஆமாம், ஃபான்ட்தான். உங்கள் கடை கம்ப்யூட்டரில் தமிழுக்குப் பாமினியும் இருக்கும், மலையாளத்துக்கு ML-TTKarthika-வும் இருக்கும். சைட் பட்டியலைக் கேட்பதில்லை, ஒவ்வொரு ஃபான்ட் பெயரிலும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதி அகலத்தை அளக்கும், வழக்கமான ஃபான்ட்டின் அகலத்திலிருந்து மாறினால் அந்த ஃபான்ட் இருக்கிறது என்று அர்த்தம். தமிழும் மலையாளமும் அடிக்கும் டிடிபி கம்ப்யூட்டர்கள் எல்லைப் பக்கம் நிறைய, நாடு முழுக்கப் பார்த்தால் கொஞ்சம். அதோடு ஸ்கிரீன் அளவு, கிராபிக்ஸ் கார்டு, நேர மண்டலம் எல்லாம் சேர்ந்தால் பெரும்பாலும் உங்கள் கம்ப்யூட்டர் ஒன்றுதான் தேறும். குக்கீயை அழிப்பதால் இதில் எதுவும் மாறாது, இன்காக்னிட்டோவும் குரோமில் இதை மறைக்காது.

இனி நான் பயப்படுவதைச் சொல்கிறேன். இதைப் படித்ததும் நீங்கள் செய்யப்போவது, என்னிடம் வருபவர்கள் வழக்கமாகச் செய்வதுதான்: கோபத்தில் கம்ப்யூட்டரை ஃபார்மட் அடிப்பது, இல்லாவிட்டால் பிரவுசரை ஐபோன் என்று பொய் சொல்ல வைக்கும் எக்ஸ்டென்ஷனைப் போடுவது. முதலாவதில் ஆதாரம் போயிற்று. இரண்டாவதில் நீங்கள் இன்னும் எளிதாகச் சிக்குவீர்கள், ஏனென்றால் பாமினி இருக்கிற, 1920 பிக்சல் அகலமுள்ள ஐபோன் உலகத்தில் கிடையாது. சிலர் "பிடிக்கிறேன் பார்" என்று பொய்ப் பெயரும் அடுத்தவர் நம்பரும் கொடுத்துச் சோதிப்பார்கள். பிறகு எதிர்த் தரப்பு வக்கீல் அதை முதலில் எடுத்துக் காட்டுவார், உங்கள் புகாரே பொய் என்று ஆகிவிடும்.

சோதிக்க வேண்டுமென்றால் நேர்மையாகச் செய்யுங்கள். அதே பக்கத்தை ஒரு ராத்திரி, நம்பர் எதுவும் தராமல், இதுவரை அந்தச் சைட்டுக்குப் போகாத போனில், வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். வேறொரு ராத்திரி கடை கம்ப்யூட்டரில் பாருங்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் போன் வந்தால் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனாலும் கடையின் ஐபி முகவரியை வைத்துக் கண்டுபிடித்தோம் என்று அவர்கள் சொல்லலாம், ஆகவே இது நிரூபணம் அல்ல. கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே F12 அடித்து, சைட்டோடு நடக்கும் போக்குவரத்தைப் பதியும் Network பகுதியை HAR கோப்பாகச் சேமியுங்கள். கோர்ட்டுக்குப் போனால், மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சியச் சட்டம் 63(4) கேட்கும் சான்றிதழோடுதான் தர வேண்டும்.

குறைத்துக்கொள்ள: கடை கம்ப்யூட்டரில் சொந்த விஷயம் எதுவும் தேடாதீர்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். முடியாதென்றால் ஃபயர்ஃபாக்ஸ் போட்டு, தனியுரிமை செட்டிங்கில் Strict வையுங்கள், தனி விண்டோவில் பாருங்கள், நீங்கள் போட்ட ஃபான்ட்களைச் சைட்டிடமிருந்து மறைக்கும். about:config-இல் `privacy.resistFingerprinting` என்பதை true ஆக்கினால் இன்னும் கெட்டி, ஆனால் சைட்டுகளில் நேரம் ஐந்தரை மணி பின்னால் காட்டும், சில பக்கங்கள் தகராறு செய்யும். எக்ஸ்டென்ஷன்களைக் குவிக்காதீர்கள், எல்லாரும் போல இருப்பவனைத்தான் பிரிக்க முடியாது. இவற்றில் எதைப் போட்டாலும் ஐபி மறையாது, நம்பர் கொடுத்தால் எல்லாம் வீண்.

வழக்கை விடுங்கள். அந்தச் சைட் எந்த வங்கிக்காக அல்லது நிதி நிறுவனத்துக்காக ஆள் பிடிக்கிறது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் 2025 டிஜிட்டல் கடன் விதிகள்படி கடன் வாங்குபவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் வழி வைத்திருக்க வேண்டும். அந்த வங்கி அல்லது நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள்: சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் நம்பரையும் அதோடு சேர்த்த சாதன அடையாளத்தையும் அழியுங்கள், இனி போன் வரக்கூடாது. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். அழித்துவிட்டோம் என்று எழுத்தில் கொடுத்தால் வாங்கிக்கொண்டு சமரசமாக முடித்துக்கொள்ளுங்கள், 10 லட்சத்துக்கு என்று நோட்டீஸ் அனுப்பச் சொல்லும் வக்கீலுக்கு ஃபீஸ் கொடுக்காதீர்கள்.