வழிகாட்டி மேளா வேண்டாம், கோப்பு மேசை போடுங்கள்

கேள்வி: நாங்கள் பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஆறு நண்பர்கள். வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் அறக்கட்டளைக் கணக்கில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அட்மிஷன், ஸ்காலர்ஷிப், வேலை வழிகாட்டல் மூன்றிலும் உதவ ஆசை. ஒரு பெரிய வழிகாட்டி மேளா நடத்தலாமா? வேறு என்ன செய்யலாம்?

பதில்: மேளாவுக்குச் செலவிடும் பணத்தையும் உழைப்பையும் 25 பிள்ளைகளுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை மாலைதோறும் ஒரு மேசை, ஒரு லேப்டாப், பிள்ளைக்கு ஒரு கோப்பு. முதல் பியூசி, அதாவது பதினொன்றாவது, தொடங்கும் ஜூனில் ஆரம்பித்து, டிகிரி முதலாண்டில் ஸ்காலர்ஷிப் பணம் அந்தப் பிள்ளையின் கணக்கில் வந்து விழும் வரை அந்தக் கோப்பைக் கூடவே கொண்டுபோக வேண்டும். இதே ஊரில் சில வருஷம் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஸ்காலர்ஷிப் இருப்பதே தெரியாமல் விட்டவர்களைவிட, விண்ணப்பம் போட்டும் பணம் வராமல் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் காகிதத்தில் நடக்கும் விபத்து.

நம் பிள்ளைகளுக்கு முதல் விபத்து இனிஷியலில் வரும். மு. செல்வி என்ற ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். அப்பா முருகன் பெயின்டர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். எஸ்எஸ்எல்சி மார்க்ஸ் கார்டில் இவள் பெயர் SELVI M. ஆதாரில் SELVI MURUGAN. பாங்க் பாஸ்புக்கில் M SELVI. வீட்டில் யாருக்கும் இது மூன்று பெயராகத் தெரியாது, கணினிக்குத் தெரியும். விண்ணப்பத்தில் ஆதார் எண்ணைப் போட்டதும் அதிலுள்ள பெயர் வரும், மார்க்ஸ் கார்டோடு ஒத்துப்போகாது, விண்ணப்பம் அங்கேயே நிற்கும். கடைசித் தேதிக்கு நாலு நாள் முன்னால் இது தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. பதினெட்டு மாதம் முன்னால் தெரிந்தால் இது ஒரு சனிக்கிழமை வேலை.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்று எல்லோரும் குழம்புவார்கள். மார்க்ஸ் கார்டைத் திருத்துவதுதான் ரொம்பக் கஷ்டம், பள்ளி வழியாகத் தேர்வு வாரியம் வரை போக வேண்டும். அதனால் மார்க்ஸ் கார்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் பாங்க் கணக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எனவே எழுத்துக்கூட்டலை நீங்களே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். அதே நடையில் கைரேகையையும் புதுப்பித்துவிடலாம். 15 வயது தாண்டியதும் அது கட்டாயம், பலர் செய்வதில்லை. ஆதாரோடு இணைந்த மொபைல் எண் உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணுக்கு ஓடிபி போய்க்கொண்டிருக்கும். இன்னும் பத்தாவது முடிக்காத தம்பி தங்கை இருந்தால், அவர்கள் பெயர் தேர்வுப் பட்டியலுக்குப் போகும் முன்பே பள்ளியில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது விபத்து பாங்கில். இதற்கு நிறைய நேரம் கொடுங்கள். "ஆதார் லிங்க் ஆயிடுச்சு" என்று எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருப்பது வேறு, அரசுப் பணம் எந்த பாங்குக்குப் போக வேண்டும் என்று, பாங்குகளுக்கிடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐயின் பட்டியலில் பதிவாகியிருப்பது வேறு. ஆதார் வழியாக வரும் பணம் விண்ணப்பத்தில் எழுதிய கணக்கைப் பார்ப்பதில்லை, கடைசியாக அந்தப் பட்டியலில் ஏறிய பாங்கைத்தான் பார்க்கும்.

நம் செல்வி நாலாவது வரை பாட்டி வீட்டில் படித்தாள். அப்போது ஏதோ உதவித்தொகைக்காக அங்கே ஒரு கணக்கு திறந்தார்கள், அது பட்டியலில் ஏறிவிட்டது. இரண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு முடங்கிவிடலாம். இப்போது ஸ்காலர்ஷிப் அனுமதியானாலும் பணம் திருவண்ணாமலையில் முடங்கிக் கிடக்கும் கணக்கைத் தேடிப் போய்த் திரும்பிவிடும். இவள் இங்கே பாஸ்புக்கில் வரவு போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும். myaadhaar.uidai.gov.in தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்து Bank Seeding Status என்பதைத் திறந்தால் எந்த பாங்க் என்றும் Active ஆக இருக்கிறதா என்றும் காட்டும். வேறு பாங்க் வந்தால், பெங்களூருவில் அவள் பெயரிலேயே உள்ள கணக்கின் கிளைக்குப் போய், ஆதார் வழி அரசுப் பணம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். சில நாள் கழித்து மறுபடியும் அதே பக்கத்தைப் பாருங்கள். பாங்கில் "முடிஞ்சுது" என்று வாயால் சொன்னதைக் கோப்பில் குறிக்காதீர்கள். திரையில் பாங்கின் பெயர் மாறியதைப் பார்த்த தேதியைக் குறியுங்கள்.

மூன்றாவது, சாதிச் சான்றிதழ். இதில் குடும்பத்தோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேச வேண்டும். பட்டியல் சாதி என்பது மாநிலவாரியாகக் கணக்கிடப்படுவது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைக்குப் பிறகு வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவருக்கு, பிறந்த மாநிலத்தின் பட்டியல் சாதி உரிமை புதிய மாநிலத்தில் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் தீர்ப்பளித்தது. ஆதி திராவிடர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறார்கள். ஆனால் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது, குடும்பம் எப்போது வந்தது என்பதும் பார்க்கப்படும். தாத்தா காலத்திலிருந்தே இங்கே இருக்கும் குடும்பமென்றால் பழைய பள்ளிப் பதிவு, வீட்டுப் பத்திரம் போன்றவற்றைத் தேடி எடுத்து வருவாய்த் துறையின் நாட கச்சேரி அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். கிடைக்கும் சான்றிதழில் உள்ள RD எண்ணைத்தான் கர்நாடக அரசின் ஸ்காலர்ஷிப் தளமான ssp.postmatric.karnataka.gov.in கேட்கும். செல்வியின் அப்பாவைப் போலப் பிற்பாடு வந்தவரென்றால், கிடைக்குமா என்று தெரியாத சான்றிதழை நம்பி ஒரு வருஷத்தை வீணாக்க வேண்டாம். வருமானச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொண்டு, சாதி கேட்காத உதவித்தொகைகளின் பக்கம் போங்கள்.

அப்படிப்பட்டவை இருக்கின்றன. அரசுப் பள்ளியில் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த பெண்களுக்கு அஸிம் பிரேம்ஜி ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 30,000 ரூபாய் தருகிறது. இரண்டில் ஒன்றைத் தனியார் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருந்தால் கிடையாது. எனவே பத்தாவது முடித்த பெண் எந்த பியூ கல்லூரியில் சேர்கிறாள் என்பதிலேயே இது முடிவாகிவிடுகிறது. இன்ஜினியரிங், டிப்ளமோ போன்ற தொழில்நுட்பப் படிப்பில் சேரும் பெண்களுக்கு தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலான ஏஐசிடிஇயின் பிரகதி ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய். பன்னிரண்டாவதில் தான் எடுத்த பிரிவின் மேல் 20 சதவீதத்தினருக்குள் வர வேண்டும், வருமானம் நாலரை லட்சத்துக்குள். வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களுக்கு இது கிடையாது, அதனால் எது பெரியதோ அதை முதலில் எண்ணிப்பாருங்கள்.

செல்வி அஞ்சாவதிலிருந்து பெங்களூரு அரசுப் பள்ளியிலும் அரசு பியூ கல்லூரியிலும் படித்தாள். அவளுக்கு 30,000-க்கு வழி இருக்கிறது. கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சிஇடி எழுதினாலும் தடையில்லை. கர்நாடக ஒதுக்கீட்டுக்கு இங்கே ஏழு வருஷம் படித்திருக்க வேண்டும், அவளுக்கு எட்டு இருக்கிறது. ஆனால் ஊருக்கும் இங்குமாக மாறி மாறிப் படித்த பிள்ளைக்கு, முதல் சனிக்கிழமையே வருஷங்களை விரல்விட்டு எண்ணி, ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.

இப்போது உங்கள் 2 லட்சத்துக்கு வருகிறேன். கல்லூரிக் கட்டணம் சேரும்போதே கட்டியாக வேண்டும், ஸ்காலர்ஷிப் பல மாதம் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் வீட்டில் வட்டிக்கு வாங்குகிறார்கள், அல்லது "ஒரு வருஷம் வேலைக்குப் போயிட்டு அப்புறம் சேரு" என்கிறார்கள். அப்படிப் போன பிள்ளைகள் திரும்பிச் சேர்ந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். அதனால் 1,20,000 ரூபாயைச் சுழல்நிதியாக ஒதுக்குங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் 10,000, வட்டி கிடையாது, பணம் நேராகக் கல்லூரிக்கு, ரசீது கோப்புக்கு. ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தர வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் அது உதவியாகவே போகட்டும், அதை முதலிலேயே கூட்டத் தீர்மானத்தில் எழுதிவிடுங்கள். ஏடிஎம் கார்டையோ காசோலையையோ பிணையாக வாங்கவே கூடாது.

மீதி 80,000-இல் மாதம் 5,000 வீதம் ஒரு பகுதிநேரப் பொறுப்பாளருக்கு முதல் வருஷம் 60,000. அதே தெருவில் டிகிரி இரண்டாம் ஆண்டு படிக்கும், கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு பெண் கிடைத்தால் மிகவும் நல்லது. அரசு அலுவலகங்களில் வேலை கன்னடத்தில்தான் நடக்கும், பெற்றோருக்குத் தமிழில் சொல்ல வேண்டும், இரண்டையும் அவளால் செய்ய முடியும். மிச்சம் 20,000 பஸ், பிரிண்ட், ஸ்கேன் செலவுக்கு. ஆதார் நகல்களை உங்கள் போனிலோ வாட்ஸ்அப் குழுவிலோ சேர்த்து வைக்காதீர்கள். கோப்பு பிள்ளையின் வீட்டில் இருக்கட்டும், உங்களிடம் நடந்த தேதிகள் கொண்ட ஒரு நோட்டு போதும். ஓடிபியைப் பிள்ளையே தட்டச்சு செய்யட்டும்.

வேலை வழிகாட்டலை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்கான நேரம் பன்னிரண்டாவது அல்ல, பத்தாவது ரிசல்ட் வந்த வாரம். பியூசியில் கணக்கை விட்டவர் இன்ஜினியரிங்குக்கு நேராகப் போக முடியாது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தால் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. அந்த வாரம் மட்டும் மேசையைத் தினமும் போட்டு, அதே தெருவிலிருந்து இரண்டு வருஷம் முன்னே போன பிள்ளைகள் நாலைந்து பேரை உட்கார வையுங்கள். வெளியிலிருந்து அழைத்து வரும் பேச்சாளரைவிட அவர்கள் சொல்வது வீட்டுக்குள் போகும்.

நோட்டில் "விண்ணப்பித்தவர்" என்ற கட்டத்தோடு நிறுத்தாமல் "பணம் வந்த தேதி" என்றும் ஒரு கட்டம் போடுங்கள். தேசிய ஸ்காலர்ஷிப் தளமான scholarships.gov.in வழியாகப் போட்டால், கல்லூரியில் அதற்கான அலுவலர் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவருக்கும் ஒரு கடைசித் தேதி உண்டு. Defective என்று வந்தால் திருத்தச் சொல்லித் திருப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அதைப் பார்க்காமல் விட்டால் கதை அங்கேயே முடியும், அதனால் பொறுப்பாளர் வாரம் ஒருமுறை எல்லோர் நிலையையும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டாம் ஆண்டுக்குப் புதுப்பிக்க மறுபடியும் விண்ணப்பம் உண்டு. மத்திய அரசின் அந்த 12,000 ரூபாய்க்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் கேட்பார்கள். டிகிரியில் சேர்ந்ததும் பகுதிநேர வேலைக்குப் போய் வகுப்பைத் தவறவிடும் பிள்ளைகளிடம் இந்த 75-ஐ ஆகஸ்டிலேயே சொல்லிவிடுங்கள்.