துணிப்பையை எத்தனை முறை பயன்படுத்த வேண்டும்? – கேள்வி பதில்

கேள்வி: துணிப்பையை 131 முறை பயன்படுத்த வேண்டுமாமே, அது எங்கிருந்து வந்த எண்?

பதில்: பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. கடையில் தரும் மெல்லிய நெகிழிப்பையை ஒரே முறை பயன்படுத்தி எறிவதாக வைத்துக்கொண்டு, பருத்திப்பை எத்தனை பயன்பாட்டில் அதே பசுமை இல்ல வாயு அளவுக்கு இறங்கும் என்று கணக்கிட்டார்கள். பருத்தி விளைச்சலுக்கான உரம், பாசனம், பிறகு நூற்பு, நெசவு ஆகியவற்றின் சுமை முழுவதும் அந்த ஒரு பையின் மேல் விழுகிறது. வாரம் ஒரு முறை எடுத்துச் சென்றால் 131-ஐ எட்ட இரண்டரை ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: நெகிழிப்பையையும் நான் இரண்டு மூன்று முறை பயன்படுத்துகிறேன். அப்போதும் இதே கணக்குத்தானா?

பதில்: இல்லை. நெகிழிப்பையை மூன்று முறை பயன்படுத்தினால் ஒரு பயன்பாட்டுக்கான அதன் சுமை மூன்றில் ஒரு பங்காகிறது. ஆகவே பருத்திப்பையின் இலக்கு 393 ஆக உயர்கிறது. எல்லா நெகிழிப்பைகளையும் கடைசியில் குப்பைத்தொட்டிக்குள் விரித்தால், தனியாகக் குப்பைப்பை வாங்குவது மிச்சமாகிறது என்பதால் இலக்கு 327. பலர் 131-ஐ மட்டும் சொல்லிவிட்டு, அது எதனுடன் ஒப்பிட்டது என்பதை விட்டுவிடுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

கேள்வி: காகிதம் மக்கிவிடுமே, அதனால் அதுதானே சிறந்தது?

பதில்: மக்கும் என்பது பாதி உண்மை. குப்பை மேட்டில் காற்றில்லாமல் மக்கும்போது மீத்தேன் உருவாகிறது. அதே ஆய்வில் காகிதப்பைக்கு வேண்டியது மூன்று பயன்பாடுதான். ஆனால் நனைந்தாலோ கனம் ஏறினாலோ கிழிந்துவிடும் பையை மூன்றாம் முறை எடுத்துச் செல்ல முடிகிறதா என்பதைப் பொறுத்தே அந்த எண் பொருள்படும்.

கேள்வி: விழாக்களில் கிடைத்த பத்துத் துணிப்பைகள் வீட்டில் இருக்கின்றன. மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன், சரிதானே?

பதில்: ஒவ்வொரு பைக்கும் தனிக்கணக்கு உண்டு. வாரம் ஒரு பை வீதம் பத்தையும் சுழற்றினால், ஒவ்வொன்றும் 131-ஐத் தொட ஏறத்தாழ 25 ஆண்டுகள் ஆகும். அதற்குள் துணியே நைந்துவிடக்கூடும். இருப்பவற்றில் உறுதியான இரண்டைக் கிழியும்வரை பயன்படுத்துங்கள், மற்றவற்றைப் பையில்லாதவர்களுக்குக் கொடுங்கள், புதிதாகத் தந்தால் வாங்காதீர்கள்.

கேள்வி: 7100 முறை என்றும் படித்தேன். அப்படியானால் நெகிழிதான் நல்லது என்று முடிவு செய்யலாமா?

பதில்: அது டென்மார்க்கின் 2018 ஆய்வு. அங்கே ஒப்பிட்டது சற்றுத் தடித்த நெகிழிப்பையுடன்; காலநிலையை மட்டும் பார்த்தால் சாதாரணப் பருத்திக்கு 52 முறை போதும் என்றது. ஓசோன் படலச் சிதைவு உட்பட எல்லாப் பாதிப்புகளிலும் ஈடாக வேண்டும் என்று கேட்டால்தான் 7100 வருகிறது. தெருவிலும் கடலிலும் சேரும் நெகிழியின் கேடு இந்த இரண்டு ஆய்வுகளின் எண்களிலும் இல்லை. அதையும் கார்பனையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது என்பதில் இத்துறையினரிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.