சோபாவில் தூங்கும் பூனை: பள்ளம், ரோமம், நிழல் (போட்டோஷாப் கேள்வி பதில்)

கல்யாண ஆல்பம் டிசைனர், மதுரை: மூணு சீட்டர் சாம்பல் கலர் சோபா, இடது பக்கம் ஜன்னல். சுருண்டு தூங்குற ஆரஞ்சுப் பூனையை வெட்டி அதுமேல வச்சிருக்கேன். மாஸ்க் சுத்தமா இருக்கு, நிழலும் போட்டாச்சு. ஆனாலும் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரியே இருக்குங்க. படம் அனுப்பியிருக்கேன்.

படத்தைப் பார்த்தேன். பூனை நன்றாக இருக்கிறது, வேலை சோபாவில்தான் பாக்கி. நாலு கிலோ எடை வந்து படுத்த பிறகும் சீட்டின் முன்விளிம்புப் பைப்பிங் துளிகூட வளையாமல் நேராக ஓடுகிறது. கண் முதலில் அதைத்தான் பிடிக்கிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நிழல் போட்டாலும் நம்பாது.

முதலில் அளவைச் சரிபாருங்கள். உங்கள் படத்தில் ஒரு சீட்டின் அகலம் 1200 பிக்சல். நிஜத்தில் அது சுமார் 60 செ.மீ. என்று வைத்தால் ஒரு செ.மீ.க்கு 20 பிக்சல். சுருண்டு படுத்த வளர்ந்த பூனை 35–40 செ.மீ. அகலம் இருக்கும், அதாவது 700–800 பிக்சல். உங்கள் பூனை 1000-ஐத் தாண்டுகிறது, குறையுங்கள். பள்ளத்துக்கும் இதே கணக்குதான். ஒன்றரை, இரண்டு செ.மீ. அமுங்கினால் 30–40 பிக்சல்.

சோபா லேயரை நகல் எடுத்து ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் ஆக்கிவிட்டு Filter > Liquify திறங்கள். Show Backdrop டிக் செய்தால் பூனை எங்கே இருக்கிறது என்று உள்ளேயே தெரியும். சாய்மானத்தையும் கைப்பிடியையும் Freeze Mask Tool கொண்டு பூசிப் பூட்டிவிடுங்கள். Forward Warp Tool எடுத்து, பூனையின் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு பெரிய பிரஷ், Pressure 20–30 வைத்து, நடுவிலிருந்து கீழே ஒரே தள்ளு. சின்னப் பிரஷ்ஷால் பல முறை தள்ளினால் பைப்பிங் அலை அலையாகிவிடும். பைப்பிங்கின் நடு மட்டும் லேசாகத் தொய்ந்து, இரு முனையும் பழைய உயரத்திலேயே நிற்க வேண்டும்.

அடுத்த படியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பூனை மெத்தைக்குள் இறங்கியிருப்பதால் நம் பக்கம் இருக்கும் மெத்தை விளிம்பு அதன் அடிப்பகுதியைக் கொஞ்சம் மறைக்கும். பூனையின் மாஸ்க்கில் கீழ்விளிம்பை 10–15 பிக்சல் தின்றுவிடுங்கள். நேராக வெட்ட வேண்டாம். வயிறு அழுந்தும் இடத்தில் அதிகமாகவும், மடக்கிய முன்னங்காலும் வாலும் இருக்கும் இடத்தில் குறைவாகவும் போகட்டும். இதை மட்டும் செய்துவிட்டு, நிழல் போடும் முன் ஒருமுறை பாருங்கள். பாதி ஸ்டிக்கர்தனம் அப்போதே போயிருக்கும்.

விஸ்காம் மாணவி, கோவை: அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே அமுக்கிட்டேன். ஆனா துணி ஒரே கலர் என்பதால பள்ளம் இருக்கிறதே தெரியல. பூனையைச் சுத்தி முழுக்கக் கருப்பு பூசினா அழுக்கு மாதிரி ஆகுது.

சுற்றிலும் ஒரே அளவு கருப்பு பூசினதுதான் அழுக்காகத் தெரியக் காரணம்மா. ஜன்னல் இடது பக்கம் என்றால் பூனையின் இடது பக்கம் வெளிச்சம், வலது பக்கம் இருட்டு. பள்ளத்தில் இது தலைகீழ். இடது சரிவு ஜன்னலுக்கு முதுகு காட்டி இறங்குகிறது, அதனால் அது மங்கும். வலது சரிவு ஜன்னலைப் பார்த்தபடி மேலேறுகிறது, அதனால் பளிச்சென்று இருக்கும். பூனையின் நிழல் வலது பக்கம்தான் விழும் என்பதால் அந்தச் சரிவின் உட்பகுதியை நிழல் மூடிவிடும். நிழல் முடிந்த பிறகு மெல்லிய வெளிச்சப் பட்டை ஒன்று மிஞ்சும். அந்தப் பட்டை வந்த உடனே பள்ளம் தெரிந்துவிடும்.

செய்முறை எளிது. Alt அழுத்திக்கொண்டு புது லேயர் ஐகானைக் கிளிக் செய்து Mode-ஐ Overlay ஆக்குங்கள், கீழே வரும் 50% gray டிக் செய்யுங்கள். Dodge, Burn இரண்டையும் Exposure 5–8% அளவில் வைத்து, பெரிய மென்மையான பிரஷ்ஷால் மெதுவாக ஏற்றுங்கள். கடைசியாக, பூனையின் அடியிலிருந்து வெளிப்புறமாக மூன்று நான்கு மெல்லிய சுருக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் Burn, அதை ஒட்டி மறுபக்கம் Dodge. எடை அழுத்தும் இடத்தை நோக்கித்தான் துணி இழுபடும். ஆகவே சுருக்கங்கள் எல்லாம் வயிற்றடியை நோக்கியே போக வேண்டும், நீளம் ஒன்றுபோல் இருக்கக் கூடாது.

பேனர் டிசைன் செய்பவர், ஈரோடு: இவ்வளவு எதுக்குங்க? லேயர் ஸ்டைல்ல Drop Shadow போட்டு, கடைசியா மொத்தத்துக்கும் கொஞ்சம் Add Noise கொடுத்தா எல்லாம் ஒட்டிக்கும். நான் அப்படித்தான் பண்றேன்.

நாய்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஒரு கேமராவின் மணல், இன்னொரு போனின் வழவழப்பு இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் ஒட்டு தெரியும். ஆனால் மொத்தப் படத்துக்கும் கொடுத்தால் இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அப்படியே நிற்கும். 100% ஜூமில் நீலச் சேனலை மட்டும் திறந்து பார்த்து, எது வழவழப்போ அதற்கு மட்டும் கொடுங்கள்.

Drop Shadow விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அது பூனையின் உருவத்தை அப்படியே நகல் எடுத்து ஒரு பக்கம் நகர்த்துகிறது. சுவரில் மாட்டிய பலகைக்கு அந்த நிழல் பொருந்தும். படுத்திருக்கும் உடம்புக்குப் பொருந்தாது. பூனை லேயருக்குக் கீழே Multiply லேயர்கள் மூன்று வையுங்கள். ஒன்று, உடம்பும் துணியும் தொடும் இடத்தில் 3–6 பிக்சல் அகல இருட்டு. இரண்டாவது, அதைச் சுற்றி 40–60 பிக்சலுக்கு மென்மையாகக் கரையும் மங்கல். மூன்றாவது ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் விழும் நிழல். அது பூனையருகே கூர்மையாகத் தொடங்கித் தள்ளிப்போகப் போக மங்கலாக வேண்டும்.

எவ்வளவு இருட்டு என்பதை சோபாவே சொல்லும். சீட்டும் சாய்மானமும் சேரும் இடுக்கை ஐட்ராப்பரால் தொட்டுப் பாருங்கள். படத்தில் வெளிச்சம் புகாத இடம் எவ்வளவு கருமை, என்ன நிறம் என்பது அங்கே கிடைக்கும். தொடு நிழல் அதைவிடக் கருமையாகப் போனால் உடனே பொய் தெரியும். தூய கருப்பைத் தொடவே வேண்டாம். ஆரஞ்சுப் பூனை என்றால், வெளிச்சம் படும் பக்கத்தில் ரோமத்தின் நிறம் துணியிலும் கொஞ்சம் ஏறும். அந்த இடத்தில் Soft Light லேயரில் மிக லேசான ஆரஞ்சு.

3டி ஆர்ட்டிஸ்ட், சென்னை: பிளெண்டரில் ஒரு எளிய மெத்தை மெஷ், பூனை அளவு உருண்டை, கிளாத் சிமுலேஷன், மேலே Shadow Catcher என்று செய்தால் பள்ளமும் நிழலும் இயற்பியல்படியே வருமே? இன்னொன்று: கெட்டியான ஃபோம் சீட்டில் பூனை எடைக்கு இரண்டு செ.மீ. பள்ளம் விழுமா?

முதல் கேள்விக்கு, வரும். கேமராக் கோணத்தைச் சரியாகப் பொருத்திவிட்டால் என் பிரஷ்ஷைவிட நன்றாகவே வரும். ஒரே சோபாவில் பத்து கோணம் வேண்டும் என்றால் நானும் உங்கள் வழிக்கே வருவேன். ஒரே ஒரு படத்துக்கு, துணியின் நெசவையும் அறை வெளிச்சத்தையும் பொருத்தும் நேரத்தில் கையால் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். நீங்கள் தினமும் அதில் வேலை செய்பவர், உங்களுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

இரண்டாவது நல்ல கேள்வி. கெட்டி ஃபோமில் நிஜத்தில் அவ்வளவு விழாது, சில சமயம் துணி மட்டும்தான் இழுபடும். மதுரைக்காரர் படத்தில் சீட் ஏற்கெனவே மேடாக உப்பி, துணி தளர்ந்திருந்தது. அதனால்தான் அந்த அளவு சொன்னேன். கெட்டி சீட்டில் 10 பிக்சலும் நல்ல தொடு நிழலும் போதும். பஞ்சு அடைத்த தளர்ந்த குஷனில் பூனை தலை வைத்திருந்தால் நடு ஆழமாக அமுங்கி, அருகிலிருக்கும் மூலை மேலே தூக்கும். உப்பலையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நிஜ அளவா, கண் எதிர்பார்க்கும் அளவா எது முக்கியம் என்பதில் எனக்கும் நண்பர்களுக்கும் இன்னும் வாதம் ஓடுகிறது. நான் நிஜத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே வைப்பேன்.

ஆசிரியை, யாழ்ப்பாணம்: எங்கட பூனை போன மாசம் செத்துப் போச்சு. அது வழக்கமாப் படுக்கிற சோபாவில அதை வச்சு ஒரு படம் வேணும். கிட்ட இருக்கிறது ராத்திரி போன் ஃபிளாஷில எடுத்த ஒரே படம்தான். வெள்ளைப் பூனை, கடும் நீலப் போர்வைமேல. செய்யலாமோ?

செய்யலாம். மனம் கனத்த நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எது வரும், எது வராது என்று தெளிவாகவே சொல்கிறேன்.

ஃபிளாஷ் நேர் முன்னால் இருந்து அடித்ததால் ரோமத்தின் மேடுபள்ளம் தட்டையாகியிருக்கும். நெற்றியும் முதுகும் முழு வெள்ளையாகிவிட்ட இடத்தில் ரோம விவரம் திரும்பி வராது. ஆகவே, பகல் வெளிச்சத்தில் சோபாவைப் புதிதாகப் படம் எடுக்க முடியுமானால், மேகமூட்டமான நேரத்தில், ஜன்னல் திரையை மூடி எடுங்கள். மென்மையான வெளிச்சத்தோடு ஃபிளாஷ் படம் ஓரளவு சேரும், கடும் வெயிலோடு சேராது. பூனையை எடுத்தபோது போன் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் இருந்ததோ அதே உயரம், அதே சாய்வு. இது தவறினால் மற்றது எதுவும் காப்பாற்றாது.

வெட்டும்போது ரோம நுனிகளில் போர்வையின் நீலம் ஒட்டி வரும். Select and Mask-இல் Refine Edge Brush-ஐ விளிம்பில் மட்டும் ஓட்டுங்கள். Decontaminate Colors கொஞ்சம் உதவும், கூட்டினால் நுனிகள் சாம்பலாகும். மிஞ்சும் நீலத்துக்குப் பூனைமேல் ஒரு கிளிப்பிங் லேயர் வைத்து Mode-ஐ Color ஆக்கி, உள்பக்க ரோமத்தின் நிறத்தை எடுத்து விளிம்பில் பூசுங்கள்.

அதன் பிறகு வெளிச்சம். ஒரு Curves கிளிப் செய்து பூனை முழுவதையும் சோபாவின் மங்கலுக்கு இறக்கி, மாஸ்க்கைக் கருப்பாக்கி, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்தில் மட்டும் பூசி வெளிக்கொண்டு வாருங்கள். ரோமம் எந்தத் திசையில் படிந்திருக்கிறதோ அந்தத் திசையிலேயே 2–3 பிக்சல் பிரஷ்ஷால் கோடு கோடாகப் பூச வேண்டும். உருண்டைப் பிரஷ்ஷால் பூசினால் பூனை பீங்கான் பொம்மையாகிவிடும். ஜன்னல் பக்க விளிம்பில் சில நுனிகளை மட்டும் வெளுப்பாக்குங்கள். மீசை மாஸ்க்கில் போயிருக்கும், அதைப் புதிதாக இழுக்கலாம். உங்கள் பூனையின் பழைய படம் எதிலாவது மீசை எப்படி வளைந்திருந்தது என்று பார்த்து இழுங்கள். வீட்டு ஆட்கள் அதைக் கவனிப்பார்கள்.

மதுரை டிசைனர் மறுபடியும்: பள்ளம், நிழல் எல்லாம் வந்துருச்சு, ரொம்ப நன்றிங்க. ஆனா பூனை அடியில ஒரு கருப்புக் கோடு பேனாவால வரைஞ்ச மாதிரி தெரியுது.

கோடு முழு நீளத்துக்கும் ஒரே கருமையில் ஓடுவதால் அப்படி. வயிற்று ரோமம் துணிமேல் படர்ந்து அந்தக் கோட்டை அங்கங்கே மறைக்க வேண்டும். பூனையின் மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, Smudge Tool 3 பிக்சல், Strength 80% வைத்து, உள்ளிருந்து வெளியே சின்னச் சின்ன இழுப்பு. சில இழைகள் கோட்டைத் தாண்டட்டும், சில அதற்குள்ளேயே முடியட்டும். பாதமும் தாடையும் அழுந்தும் இடத்தில் கோடு கருமையாக நிற்கலாம். வால் நுனியில் கிட்டத்தட்ட இல்லாமலே போகலாம்.

சரிபார்க்க, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves போட்டு அதை மேலும் கீழுமாக ஏறி இறங்கும் கோடாக வளையுங்கள். நிறங்கள் கன்னாபின்னாவென்று மாறும். பூனையைச் சுற்றி தனி வளையம் தெரிந்தால் அந்த இடத்தில்தான் இன்னும் வேலை இருக்கிறது. சரிசெய்துவிட்டு அந்த லேயரை மறக்காமல் அழித்துவிடுங்கள்.